ஏற்றத்தில் செத்துப்போகும் ரோபோ: மூன்று செல் லித்தியம் பெட்டரியில் பிழை தேடும் முறை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் பாடசாலைக் கண்காட்சிக்கென்று பிள்ளைகள் செய்யும் ரோபோக்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே பெட்டரிதான் உள்ளே இருக்கும். பழைய லெப்டொப் பெட்டரியை உடைத்து எடுத்த 18650 செல் மூன்றைத் தொடராக இணைத்து, மேலே ஒரு மலிவான பாதுகாப்புப் போர்டை ஒட்டியிருப்பார்கள். இந்தப் போர்டைத்தான் கடையில் பிஎம்எஸ் என்று கேட்டு வாங்குகிறோம். கொழும்பில் சமதரையில் ஓடும் ரோபோவுக்கு இது போதும். இங்கே பாடசாலை வாசலில் இருந்து மைதானத்துக்குப் போவதே ஒரு ஏற்றம் என்பதால், அங்கே தெரியாத குறைகள் இங்கே முதல் நாளே தெரிந்துவிடும்.

கீழே உள்ளவை மூன்று செல் தொடருக்கானவை. ஒவ்வொரு செல்லும் முழுதாக ஏறியிருக்கும்போது 4.20 வோல்ட், மூன்றும் சேர்ந்து 12.6. ஒரு செல் 3 வோல்டுக்கு இறங்கினால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் இரும்புப் பொஸ்பேட் வகை செல்லுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அது 3.65 வோல்டில் முழுமையாகிவிடும், அதற்கான போர்டும் வேறு.

கையில் ஒரு மல்டிமீட்டரும், ஓட்டோவின் பிரேக் லைட் பல்பு இரண்டும் இருந்தால் போதும். 12 வோல்ட் 21 வொட் என்று அடித்திருக்கும் அந்தப் பல்பு ஒன்று ஏறத்தாழ ஒன்றே முக்கால் அம்பியர் இழுக்கும். பெட்டரியைச் சோதிக்க இதைவிட நல்ல சுமை கராஜில் கிடைக்காது.

எதையும் கழற்ற முன்னர்

போர்டில் B-, B1, B2, B+ என்று நான்கு புள்ளிகள் இருக்கும். இவை செல்களுக்குப் போகிறவை. P+, P- இரண்டும் ரோபோவுக்கும் சார்ஜருக்கும் போகிறவை. போர்டு வெட்டுவது மறைப் பக்கத்தில், B- இற்கும் P- இற்கும் நடுவில் மின்சுவிட்சாக வேலை செய்யும் மொஸ்ஃபெட்டுகளால். ஆகவே முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: செல் பக்கம் எவ்வளவு இருக்கிறது, ரோபோ பக்கம் எவ்வளவு வருகிறது?

B+ இற்கும் B- இற்கும் இடையே 11.4 இருந்து, P+ இற்கும் P- இற்கும் இடையே அதில் ஒரு துளிதான் இருந்தால் போர்டு வெட்டியிருக்கிறது. அந்த 'துளி' சில வேளை 3, 4 வோல்ட்கூடக் காட்டும். டிஜிட்டல் மீட்டர் மின்னோட்டமே எடுக்காது என்பதால் மொஸ்ஃபெட் வழியே கசியும் கொஞ்சத்தையும் அது பெரிதாகக் காட்டும். ஒரு பல்பைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். பல்பு எரியாமல் மீட்டரும் பூச்சியத்துக்கு விழுந்தால் அது வெறும் பேய் வோல்டேஜ்.

இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் போர்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழை அதற்கு அப்பால் இருக்கிறது.

அறிகுறி 1: சமதரையில் ஓடுகிறது, ஏற்றத்தில் வைத்தால் செத்துப்போகிறது. மீட்டரில் பெட்டரி நல்லாகவே காட்டுகிறது

அதிகம் கேட்கப்படுவதும் இதுதான், அதிகம் தவறாகச் சரி செய்யப்படுவதும் இதுதான். மஸ்கெலியாவில் இருந்து ஒரு பையன் கூப்பிட்டான். "அண்ணா, மீட்டர்ல 11.4 காட்டுது. கையில தூக்கிப் புடிச்சா நாலு சக்கரமும் சுத்துது. ஏத்தத்துல வச்சா ரெண்டு அடி போயிட்டு ஓஃப் ஆகுது. போர்டு சரியில்ல போல, அதத் தூக்கிட்டு நேரடியா குடுத்துறவா?"

நேரடியாகக் கொடுக்கக் கூடாது. ஏன் என்பதைக் கணக்கே சொல்லும்.

முதலில், செத்துப்போவது எது என்று பிரித்துப் பாருங்கள். மோட்டார் திணறும் நொடியில் ஆர்டுயினோவின் விளக்கு ஒரு கணம் அணைந்து தானாகவே திரும்ப எரிந்து, புரோகிராம் முதலில் இருந்து ஆரம்பித்தால் அது பெரும்பாலும் போர்டு வெட்டியதாக இருக்காது. மோட்டார் இழுப்பில் வோல்டேஜ் சரிந்து 5 வோல்ட் வழங்கி தடுமாறியிருக்கிறது. கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குத் தனியாக ஒரு டயோடும் 1000 மைக்ரோபரட் கொள்ளளவியும் போட்டால் பெரும்பாலும் தீரும். எல்லா விளக்கும் அணைந்து, சுவிட்சைப் போட்டு எடுத்தாலும் வராமல், அல்லது சில நொடி கழித்தே வந்தால் அதுதான் பிஎம்எஸ் வெட்டு.

அடுத்தது, வெட்டு எப்போது விழுகிறது என்று கவனிக்க வேண்டும். மோட்டாரைத் தொடக்கிய உடனேயே, சக்கரம் அசையும் முன்பே வெட்டினால் அது மிகை மின்னோட்ட வெட்டு. அதைக் கண்டுபிடிக்கப் போர்டு எடுத்துக்கொள்வது பொதுவாகச் சில மில்லி விநாடிதான். இரண்டு அடி ஏறிவிட்டு வெட்டினால் சந்தேகம் செல் வோல்டேஜ் மேல் போக வேண்டும். குறை வோல்டேஜ் வெட்டுக்குப் போர்டு கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும், அந்தப் பொறுமையே அந்த இரண்டு அடி. பையன் சொன்னது இரண்டாவது வகை.

அவனுடைய செல்களை ஓய்வில் அளந்தபோது 3.82, 3.80, 3.79. கூட்டினால் 11.41. இதை மட்டும் பார்த்தால் யாரும் பெட்டரி நல்லது என்றுதான் சொல்வார்கள். பிறகு இரண்டு பல்புகளைச் சமாந்தரமாக இணைத்து P+, P- இல் கொடுத்து, எரிந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு செல்லையும் அளக்கச் சொன்னேன். மீட்டரைப் பத்து அம்பியர் துளைக்கு மாற்றித் தொடரில் வைத்தபோது மின்னோட்டம் 3.2 அம்பியர். சுமையின் கீழ் செல்கள் காட்டியது 3.57, 3.53, 2.99.

முதல் செல் கால் வோல்ட் இறங்கியிருக்கிறது. 0.25 ஐ 3.2 ஆல் வகுத்தால் அகத்தடை ஏறத்தாழ 78 மில்லி ஓம். இரண்டாவது 84. பழைய லெப்டொப் செல்லுக்கு இது கெட்டதில்லை. மூன்றாவது 0.80 வோல்ட் இறங்கியிருக்கிறது, அதாவது 250 மில்லி ஓம். ஓய்வில் மற்ற இரண்டோடும் ஒட்டி நிற்கும் செல், வேலை கொடுத்தவுடன் மூன்று மடங்கு சரிகிறது.

இதே கணக்கை ஏற்றத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே மோட்டார்கள் நான்கும் சேர்ந்து 6 அம்பியர் இழுக்கின்றன. மூன்றாவது செல்லில் சரிவு 6 × 0.25 = 1.5 வோல்ட். 3.79 இல் இருந்து 1.5 போனால் 2.29. இந்த மாதிரிப் போர்டுகள் வகையைப் பொறுத்து 2.5 முதல் 3.0 வோல்டுக்குள் ஏதோ ஓர் இடத்தில் வெட்டும். ஆகவே போர்டு தன் வேலையைச் செய்தது. வெட்டியதும் மின்னோட்டம் நின்றுவிடும், சரிவும் இல்லாமல் போகும், செல் மறுபடி 3.79 இற்கு வந்துவிடும். மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடி வந்து அளப்பவருக்கு 11.4 தான் தெரியும். 'பெட்டரி நல்லா இருக்கு, போர்டுதான் பிழை' என்ற முடிவு இங்கிருந்துதான் பிறக்கிறது.

செல்லைக் குற்றம் சொல்லுமுன் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்த 250 மில்லி ஓம் செல்லுக்குள் இருக்கலாம், இணைப்பிலும் இருக்கலாம். பல்பு எரியும்போதே மீட்டரின் முனைகளை நிக்கல் பட்டியில் வைத்து ஒரு முறையும், செல்லின் சொந்த உலோக முனையில் வைத்து ஒரு முறையும் அளக்க வேண்டும். பட்டியில் 2.99 ஆகவும் செல்லின் முனையில் 3.5 ஆகவும் இருந்தால் சொல்டர் சரியில்லை, செல்லுக்கு ஒன்றுமில்லை. பையனின் பெட்டரியில் பட்டியில் 2.99, முனையில் 3.02. இணைப்பில் போனது 0.03 வோல்ட்தான். மிச்சம் அத்தனையும் செல்லுக்குள்.

போர்டை நீக்கி நேரடியாகக் கொடுத்திருந்தால் ரோபோ ஏற்றத்தில் ஏறியிருக்கும், உண்மைதான். ஆனால் தொடரில் உள்ள நலிந்த செல்லை மற்ற இரண்டும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போகும். அது காலியான பிறகும் மின்னோட்டம் அதனூடாகவே ஓடியாக வேண்டும் என்பதால் 1 வோல்ட், 0 வோல்ட் என்று இறங்கி, கடைசியில் முனைகளே மாறிவிடும். அப்படிப் போன செல்லைத் திரும்பச் சார்ஜில் போடும்போதுதான் தீப்பிடிக்கும் ஆபத்து வருகிறது. லயத்துக் காம்பராவில் அது நடந்தால் பக்கத்து வீடுகளுக்கும் ஒரே கூரை.

இன்னொரு தவறான மருந்து, இதைவிடப் பெரிய அம்பியர் போர்டு வாங்குவது. பெரிய போர்டில் மாறுவது மின்னோட்ட எல்லை மட்டும். குறை வோல்டேஜ் எல்லை அதே இடத்தில்தான் இருக்கும், அதே இரண்டு அடியில் அதே வெட்டு விழும்.

சரியான வழி அந்தச் செல்லை மாற்றுவது. புதிதாகப் போடுவதும் அதே பல்புச் சோதனையில் மற்ற இரண்டுக்கும் கிட்டத்தட்ட அதே சரிவைக் காட்ட வேண்டும். ஏற்றம் அதிகம் என்றால் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு செல்லைச் சமாந்தரமாக இணைத்து ஆறு செல்லாக்குங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் பாதி மின்னோட்டம்தான் போகும், சரிவும் பாதியாகும்.

குளிர் இந்தக் கணக்கை இன்னும் கெடுக்கும். லித்தியம் செல்லின் அகத்தடை குளிரில் கூடும். தை மாதக் காலையில் நுவரெலியாவில் வெளியே வைத்த பெட்டரிக்கும், மத்தியானம் வகுப்பறையில் சோதித்த அதே பெட்டரிக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மத்தியானம் ஏறிய ரோபோ காலையில் ஏறாவிட்டால் வயரைத் தேடிக்கொண்டிருக்காமல் பெட்டரியைத் தொட்டுப் பாருங்கள். சட்டைப் பைக்குள் கொஞ்ச நேரம் வைத்துச் சூடேற்றிய பின் ஓடினால் விஷயம் அதுதான்.

அறிகுறி 2: தொடக்கியவுடனேயே, சக்கரம் அசையும் முன் வெட்டுகிறது

நின்றுகொண்டிருக்கும் மோட்டார் வெறும் செப்புக் கம்பிதான். அதன் தடையை மீட்டரில் அளங்கள். 4 ஓம் என்றால் 12 வோல்டில் முதல் கணம் 3 அம்பியர் இழுக்கும், நான்கு மோட்டாருக்கு 12. ஓடத் தொடங்கிய பின் சமதரையில் நான்கும் சேர்ந்து ஒன்றரை அம்பியர்கூட எடுக்காமல் இருக்கலாம். போர்டில் எழுதியிருக்கும் அம்பியர் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். மலிவான போர்டுகளில் அது நல்ல நாளில் ஒரு கணத்துக்குத் தாங்கக்கூடிய அளவாகவே இருக்கும்.

முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று பின்னால் போகச் சொல்வது இன்னும் மோசம். சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் வோல்டேஜும் பெட்டரி வோல்டேஜும் ஒன்று சேர்ந்து, தொடக்க மின்னோட்டத்தின் இரு மடங்குக்கு அருகில் போகலாம். முதலில் பூச்சியத்துக்கு இறக்கி, பிறகு திசையை மாற்றி, பிறகு ஏற்ற வேண்டும். இதற்குப் புதுப் பொருள் எதுவும் தேவையில்லை, நாலு வரி புரோகிராம் போதும்:

```cpp
int v = 0;
void ramp(int target) {
  while (v != target) {
    v += (target > v) ? 1 : -1;
    analogWrite(5, v);
    delay(3);
  }
}
```

ramp(0) கொடுத்து இறக்கி, திசையை மாற்றி, பிறகு ramp(255) கொடுங்கள். 0 இல் இருந்து 255 வரை போக இது முக்கால் விநாடி எடுக்கும். வெட்டு இதோடு நின்றால் காரணம் மிகை மின்னோட்டம்தான் என்பதும் உறுதியாகிவிடும். நிற்காவிட்டால் மோட்டார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஒரு பல்லுச் சக்கரம் இறுகியிருக்கலாம், அல்லது ஒரு மோட்டார் வயர் உடலில் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

அறிகுறி 3: வெட்டிய பின் உயிரே வரவில்லை

சில போர்டுகள் சுமை நீங்கியதும் தானாகத் திரும்பும். சில, சார்ஜரைக் கண்டால்தான் எழும்பும். புதிதாக வயர் செய்த போர்டும் முதல் தடவை தூக்கத்திலேயே இருக்கலாம். ரோபோவை முழுதாகக் கழற்றி ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். வராவிட்டால் P+, P- இல் சரியான சார்ஜரை ஒரு சில விநாடி கொடுங்கள். B- ஐயும் P- ஐயும் ஒரு வயர்த் துண்டால் தொட்டு எழுப்பும் வித்தையைப் பலரும் செய்கிறார்கள். சுமைப் பக்கம் எங்காவது ஷோர்ட் இருந்தால் அந்த நொடியில் பாதுகாப்பே இல்லாமல் முழு மின்னோட்டமும் அந்த வயரினூடாகப் பாயும். சார்ஜர் இருக்கும்போது அந்த வித்தை எதற்கு?

சார்ஜரைக் கொடுத்தும் எழும்பாவிட்டால் மீட்டரின் கறுப்பு முனையை B- இல் வைத்து, சிவப்பை B1, B2, B+ என்று ஏற்றிக்கொண்டு போங்கள். 3.8, 7.6, 11.4 என்று படிப்படியாக ஏற வேண்டும். செல்லில் வைத்து அளக்காமல் போர்டின் சொல்டர்ப் புள்ளியிலேயே அளப்பது முக்கியம். படிகளில் ஒன்று காணாமல் போயிருந்தால் அந்த மெல்லிய வயர் அறுந்திருக்கிறது. B1 உம் B2 உம் இடம் மாறியிருந்தால் 7.6 முதலிலும் 3.8 பிறகும் வரும். அப்படி மாற்றிக் கொடுத்த போர்டு எரியாமல் தப்பியிருந்தாலும் அதை மறுபடி நம்ப மாட்டேன். படி மூன்றும் சரி, செல் மூன்றும் 3 வோல்டுக்கு மேல், இருந்தும் எழும்பவில்லை என்றால் போர்டு முடிந்தது.

இதற்கு நேர்மாறான பிழைக்கு அறிகுறியே கிடையாது என்பதுதான் தொல்லை. மொஸ்ஃபெட் உள்ளே ஷோர்ட் ஆகிவிட்டால் போர்டு எப்போதும் திறந்தே இருக்கும். ரோபோ அருமையாக ஓடும், எந்தக் காரணத்துக்கும் வெட்டாது. ஆகவே எந்தப் போர்டையும் நம்ப முன்னர் ஒரு தடவை வெட்ட வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு சிறிய பல்பை எரிய விட்டு, நலிந்த செல்லில் மீட்டரை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். 2.5 வோல்டுக்குக் கீழே போயும் பல்பு எரிந்தால் கையால் கழற்றிவிட்டு, போர்டைக் குப்பையில் போடுங்கள்.

அறிகுறி 4: சார்ஜர் சீக்கிரமே பச்சை காட்டுகிறது, ரோபோ பாதி நேரம்தான் ஓடுகிறது

சார்ஜ் 'முடிந்த'வுடன் மூன்று செல்லையும் அளக்க வேண்டும். 4.20, 4.25, 3.96 என்று இருந்தால் கூட்டு 12.41. இரண்டாவது செல் தன் மேல் எல்லையைத் தொட்டதும் போர்டு சார்ஜை வெட்டியிருக்கிறது. மூன்றாவது செல் இன்னும் நிறையக் குடிக்க இருந்தும் குடிக்க முடியவில்லை.

இதைச் சமன் செய்யத்தான் சில போர்டுகளில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு தடை வைத்து, 4.2 வோல்டை நெருங்கும் செல்லில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்னோட்டத்தை வடிய விடுகிறார்கள். அந்தத் தடை 100 ஓம் என்றால் வடிவது 42 மில்லி அம்பியர். 2000 மில்லி அம்பியர் மணி செல்லில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் 400 ஐ 42 ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்பதரை மணித்தியாலம் சார்ஜரில் கிடக்க வேண்டும். பல போர்டுகளில் அந்தத் தடைகளே இல்லை. வாங்கும்போது சமன் செய்யும் வகையா என்று கேட்டு வாங்காவிட்டால் பெரும்பாலும் இல்லாததுதான் கையில் வரும்.

சீக்கிரமான வழி, தாழ்ந்த செல்லைத் தனியாக ஏற்றுவது. ரோபோவையும் பெரிய சார்ஜரையும் கழற்றிவிட்டு, ஒற்றைச் செல்லுக்கான TP4056 சார்ஜர் போர்டின் வெளியீட்டை அந்தச் செல்லின் இரு முனைகளில் மட்டும் கொடுங்கள். மின்சாரத்தை ஃபோன் சார்ஜரில் இருந்து எடுங்கள், கணினியில் இருந்து வேண்டாம். மற்ற இரண்டும் நிற்கும் அளவை எட்டியதும் எடுத்துவிடலாம்.

இதைச் செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. செல் ஏன் தாழ்ந்தது என்பதற்கு இரண்டு விடை உண்டு, அவற்றைப் பிரிக்கும் சோதனை எளிது. முழுதாக ஏற்றியபோதும், ஓடிக் களைத்தபோதும், இரண்டு தடவையும் அளந்து குறித்து வையுங்கள். இரண்டு தடவையும் அதே செல் தாழ்வாக இருந்தால் அது எங்கோ கசிகிறது, அல்லது ஆரம்பத்திலேயே மற்றவற்றோடு சமமாக இணைக்கப்படவில்லை. ஏற்றியபோது மற்றவற்றைவிட உயர்ந்தும் களைத்தபோது தாழ்ந்தும் இருந்தால் அதன் கொள்ளளவே குறைந்துவிட்டது. சின்னப் பாத்திரம் சீக்கிரம் நிறைந்து சீக்கிரம் காலியாவது போல. முதல் வகையைச் சமன் செய்து பார்க்கலாம். இரண்டாவது வகைக்கு எத்தனை முறை சமன் செய்தாலும் பயன் இல்லை.

அறிகுறி 5: சார்ஜ் முழுமையாக ஏறவே இல்லை, அல்லது பெட்டரி சூடாகிறது

இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் சார்ஜர்தான். பிஎம்எஸ் ஒரு சார்ஜர் இல்லை. எல்லை மீறினால் கதவைச் சாத்துவது மட்டும்தான் அதன் வேலை. எவ்வளவு மின்னோட்டம், எந்த வோல்டேஜில் நிறுத்துவது என்று அளந்து கொடுப்பது சார்ஜர். 12 வோல்ட் சாதாரண அடப்டர் கொடுத்தால் செல்லுக்கு 4.0 தான் கிடைக்கும், முழுமையாகாது. ஓட்டோ பெட்டரிச் சார்ஜர் 14 வோல்டுக்கு மேல் போகும், 19 வோல்ட் லெப்டொப் அடப்டரை நேராகக் கொடுப்பது அதைவிட மோசம். போர்டு ஒவ்வொரு முறையும் வெட்டிக் காப்பாற்றும் என்று நினைத்தால், அந்த மொஸ்ஃபெட் போகும் நாளில் வேறு தடுப்பே இருக்காது.

அந்த லெப்டொப் அடப்டரை வோல்டேஜை இறக்கிக் கொடுக்கும் XL4015 போர்டு வழியாகக் கொடுத்தால் நல்ல சார்ஜர் ஆகிவிடும். வோல்டேஜுக்கு ஒன்றும் மின்னோட்டத்துக்கு ஒன்றுமாக இரண்டு திருகு உள்ள வகையை வாங்குங்கள். பெட்டரி இல்லாமல் வெளியீட்டை 12.60 இற்கு வையுங்கள். பிறகு மீட்டரைப் பத்து அம்பியரில் வைத்து வெளியீட்டின் குறுக்கே கொடுத்து, மின்னோட்டத் திருகைக் குறைத்து 0.7 அம்பியரில் நிறுத்துங்கள். பழைய 2000 மில்லி அம்பியர் மணி செல்லுக்கு அதற்கு மேல் தேவையில்லை. பெட்டரியை மாட்டியதும் மின்னோட்டம் முதலில் 0.7 இலேயே நிற்கும், 12.6 ஐ நெருங்கியதும் இறங்கத் தொடங்கும். 0.1 இற்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். இந்தப் போர்டில் விளக்கு நிறம் மாறும், ஆனால் தானாக நிறுத்தாது.

இங்கே இன்னொரு தொல்லை கரண்ட். மழை பிடித்தால், எங்காவது ஒரு கிளை முறிந்தால் போய்விடும். அடப்டர் நின்றதும் பெட்டரியில் இருந்து மின்னோட்டம் பின்வழியாக அந்தப் போர்டுக்குள் வடியும். இரவு சார்ஜில் போட்டு, விடியும்போது இன்னும் குறைந்திருக்கிறது என்பவர்களின் கதை இதுதான். வெளியீட்டில் ஒரு ஷொட்கி டயோடு போட்டால் வடிவது நிற்கும். டயோடில் கொஞ்சம் வோல்டேஜ் போவதால் பெட்டரி 12.6 இற்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அதைச் சரிக்கட்டத் திருகை ஏற்ற வேண்டாம், அந்தக் குறைவு செல்லுக்கு நல்லது.

உறைநிலையில் சார்ஜ் செய்யவே கூடாது. 0 பாகைக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லை நிரந்தரமாகக் கெடுக்கும். பூம்பனி விழும் காலையில் வெளியே கிடந்த ரோபோவை உள்ளே கொண்டுவந்து, ஈரம் காய்ந்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகு சார்ஜில் போடுங்கள். போடும் இடம் சீமெந்துத் தரை, பக்கத்தில் விறகும் துணியும் இல்லாத மூலை.

அறிகுறி 6: ஓடாமல் வைத்த பெட்டரி தானாகச் செத்துவிட்டது

சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பலர் அதை 5 வோல்ட் வழங்கிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். அந்த வழங்கி வேலை எதுவும் இல்லாமலேயே 5 முதல் 10 மில்லி அம்பியர் குடிக்கும். 8 என்று வைத்தால் நாளுக்கு 192 மில்லி அம்பியர் மணி, பத்து நாளில் 2000 மில்லி அம்பியர் மணி செல் காலி. P+ இலேயே சுவிட்சை வைத்தால் தீர்ந்தது. செல் வோல்டேஜ் பார்க்க மாட்டும் பஸ்ஸரையும் கழற்றி வையுங்கள். சில வகை தனக்கு வேண்டியதை முதல் செல்லில் இருந்தே எடுக்கும், அந்தச் செல் மட்டும் தாழும்.

சுவிட்ச் சரியாக இருந்தும் ஒரு செல் தாழ்ந்துகொண்டே போனால் போர்டின் சொல்டர்ப் புள்ளிகளை வெளிச்சத்தில் பாருங்கள். மூடுபனி ஊரில் பிளக்ஸ் கறையில் ஈரம் ஊறி, இரண்டு புள்ளிக்கு நடுவில் மெல்லிய பாதை உண்டாகும். பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். பெட்டரி வயர்களைக் கழற்றிவிட்டு, பார்மசியில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டும் பழைய பல் தூரிகையும் கொண்டு தேய்த்து, நன்றாகக் காய விடுங்கள்.

2.0 இற்கும் 2.5 இற்கும் இடையே நின்ற செல்லை 0.1 அம்பியரில் மெதுவாக 3 வோல்டுக்கு ஏற்றிப் பார்க்கலாம். சூடானால் உடனே நிறுத்துங்கள். ஏறினால் முழுதாக ஏற்றி, ஒரு வாரம் சும்மா வைத்து மறுபடி அளந்து பாருங்கள். 0.05 வோல்டுக்கு மேல் இறங்கியிருந்தால் அது தொடருக்கு ஆகாது. 2 வோல்டுக்குக் கீழே நாட்கணக்கில் கிடந்ததை எழுப்பவே வேண்டாம். உள்ளே செப்புத் தகடு கரைந்து, அது திரும்பப் படியும்போது ஷோர்ட் ஆகும்.

அறிகுறி 7: இரண்டு செல் நல்லாக இருக்க, ஒன்று மட்டும் 0.00 காட்டுகிறது

மெதுவாகச் செத்த செல் 1.3, 0.8 என்று ஏதாவது காட்டும். நேற்று வரை 3.8 காட்டிவிட்டு இன்று பூச்சியம் என்றால், முதலில் வயரைப் பாருங்கள். செல்லின் முனையிலேயே வைத்து அளந்தும் பூச்சியம்தான் என்றால், 18650 இன் மேல் மூடிக்குள் இருக்கும் அழுத்தத் தடுப்பு விரிந்து தொடர்பை அறுத்திருக்கிறது. மிகையாக ஏறி உள்ளே வாயு சேர்ந்தபோது நடப்பது இது. ஊசியால் குத்தித் திரும்ப அழுத்தும் வீடியோக்களைப் பார்த்து அதைச் செய்ய வேண்டாம். அந்தச் செல் உள்ளே இன்னும் நிறைந்தே இருக்கலாம். இரு முனைக்கும் டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, அறிகுறி 4 இற்கும் 5 இற்கும் திரும்பிப் போய், எந்தச் சார்ஜர் அதை இந்த நிலைக்குத் தள்ளியது என்று தேடுங்கள். மாற்றுச் செல்லை மற்ற இரண்டும் நிற்கும் அதே வோல்டேஜுக்குக் கொண்டுவந்த பிறகே தொடரில் சேருங்கள்.